புதுக்கவிதையில் வாசகர் நிற்கும் இடம்: குறியா, வரிமுறிவா, வெற்றிடமா?

கேள்வி: நான் எழுதும் புதுக்கவிதைகளை மற்றவர்கள் வாசிக்கும்போது, நான் நினைத்த இடத்தில் நிறுத்துவதில்லை. வரிதோறும் காற்புள்ளி இட்டால் உரைநடைபோல் ஆகிவிடுகிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் குழப்பமாக இருக்கிறது என்கிறார்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாவது துணைக்கு இருக்கிறது. தமிழில் எதை நம்பி எழுதுவது?

பதில்: முதலில் வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை வாசகருக்கு எது சொல்லப்போகிறது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். குறி, வரிமுறிவு, வெற்றிடம் ஆகிய மூன்றும் அதற்குப் பின்னரே வரும். ஆங்கிலத்தில் முற்றுப்புள்ளியை நீக்கிவிட்டாலும் அடுத்த வாக்கியத்தின் பெரிய எழுத்து ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் அந்த வேலையை வினைமுற்று செய்கிறது. ‘வந்தேன்’, ‘போனார்கள்’ என்று ஒரு வரி முடிந்தால், குறி இல்லாவிட்டாலும் வாசகர் தாமாகவே நிற்பார். ஆகவே, குறியற்ற கவிதை தமிழுக்கு இயல்பாகவே பொருந்தும். ஆனால் ஒரு வினைவடிவம் மட்டும் அடிக்கடி காலை வாரிவிடும். உங்கள் வாசகர்கள் தடுமாறும் இடங்களில் அந்த வடிவம் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

‘வரும்’, ‘திறக்கும்’, ‘நுழையும்’ போன்ற ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டுச் சொற்கள் வினைமுற்றாகவும் வரும், பெயரெச்சமாகவும் வரும். இதற்காகவே நான் எழுதிய மூன்று வரிகளைப் பாருங்கள்:

இரவில் சன்னல் திறக்கும்
காற்று மெல்ல நுழையும்
அறை முழுவதும் உன் குரல்

இவற்றை மூன்று தனி வாக்கியங்களாக வாசிக்கலாம்: சன்னல் திறக்கும், காற்று நுழையும், பிறகு அறை முழுவதும் குரல். ஒரே நீண்ட தொடராகவும் வாசிக்கலாம்: சன்னலைத் திறக்கிற காற்று நுழைகிற அறை முழுவதும் உன் குரல். முதல் வகையில் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் முழுமையாக நிற்க வேண்டும். இரண்டாவது வகையில் எங்குமே நிற்கக் கூடாது. இரண்டுக்கும் இலக்கணம் இடம் கொடுப்பதால், வாசகர் ஒரு வரி தாண்டிய பிறகு ஐயம் கொண்டு திரும்பிவந்து மறுபடி வாசிக்கிறார். உங்களிடம் ‘குழப்பம்’ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்தத் திரும்பிவருதலாகத்தான் இருக்கும்.

நீங்கள் எண்ணியது ஒரே தொடர் என்றால் குறி எதுவும் தேவையில்லை. வரியை வேறு இடத்தில் முறித்தாலே போதும்:

இரவில் சன்னல் திறக்கும் காற்று
மெல்ல நுழையும் அறை முழுவதும்
உன் குரல்

பெயரெச்சமும் அது தழுவும் பெயரும் ஒரே வரிக்குள் வந்துவிட்டதால், ‘திறக்கும்’ என்ற சொல்லில் யாரும் நிற்க மாட்டார்கள். மூன்று தனி வாக்கியங்கள்தாம் வேண்டும் என்றால், முதல் வடிவத்தையே வைத்துக்கொண்டு வரியிறுதிகளில் முற்றுப்புள்ளி இடுங்கள். புள்ளியைத் தவிர்ப்பதற்காகச் சிலர் ‘சன்னல் திறந்தது, காற்று நுழைந்தது’ என்று காலத்தை மாற்றிவிடுவார்கள். ஐயம் தீரும் என்பது உண்மைதான். ஆனால் இரவுதோறும் நிகழ்வது ஓர் இரவில் நிகழ்ந்ததாகச் சுருங்கிவிடும். ஒரு புள்ளியைத் தவிர்ப்பதற்குக் கொடுக்கிற விலையாக அது எனக்கு அதிகமாகப் படுகிறது.

வெற்றிடத்தைக் கொண்டும் இதைத் தீர்க்கலாம். ஆனால் அது எவ்வளவு தீர்க்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் வடிவத்தில் மூன்றாவது வரிக்கு முன் மட்டும் ஒரு வரி அளவு இடம் விட்டால், ‘நுழையும்’ என்பது வினைமுற்றாகிவிடும். ‘திறக்கும்’ மட்டும் இன்னும் இரண்டு பக்கமும் சாயும்: சன்னல் திறந்துகொள்கிறதா, காற்று அதைத் திறக்கிறதா? இந்த ஐயத்தை நான் அப்படியே விட்டுவிடுவேன். எப்படி வாசித்தாலும் வாசகர் ‘நுழையும்’ என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறார். யாரும் திரும்பிவர வேண்டியதில்லை. மூன்று வரிகளுக்கு நடுவிலும் இடம் விடுவது வேறு விஷயம். வெற்று வரி முற்றுப்புள்ளியைவிட நீண்ட நிறுத்தம். அதை வரிதோறும் வைத்தால் கடைசி வரிக்கு முன் தேவைப்படுகிற மௌனத்துக்குத் தனி மதிப்பு இல்லாமல் போய்விடும்.

காற்புள்ளியைப் பொறுத்தவரை, வரிமுறிவே அரைக் காற்புள்ளி அளவுக்குத் தயங்க வைக்கும் என்பதால், வரியிறுதியில் அது பெரும்பாலும் மிகை. வரியின் நடுவே, இரு சொற்கள் தவறாக ஒட்டிக்கொள்ளும் இடத்தில் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். முற்றுப்புள்ளியை ஒரு கவிதைக்குள் எல்லா வாக்கியங்களுக்கும் இடுங்கள், அல்லது எதற்கும் இடாதீர்கள். பாதிக்கு மட்டும் இட்டால், புள்ளியில்லாத வரியிறுதியில் வாக்கியம் தொடர்கிறது என்று வாசகர் எடுத்துக்கொள்வார். மூன்று புள்ளிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: தேவைப்படும் இடங்கள் மிகக் குறைவு.

பலரும் கவனிக்காத ஒரு கருவி தமிழுக்கே உரியது: வல்லினம் மிகுதல்.

உன் பெயரைச்
சொல்லாமல் திரும்பினேன்

வரியிறுதியில் நிற்கும் ‘ச்’ வாசகரை நிற்க விடாமல் அடுத்த வரிக்கு இழுத்துச் செல்கிறது. அந்த ஒற்றை எடுத்துவிட்டு, ‘உன் பெயரை’ என்று முறித்தால், அங்கே ஒரு சிறு தயக்கம் பிறக்கும். பெயரை என்ன செய்யப்போகிறார் என்ற எதிர்பார்ப்புக்கு அதில் இடம் உண்டு. இரண்டுமே கவிதையில் செல்லும். ஆனால் தற்செயலாக அமையக் கூடாது. மெய்ப்புப் பார்ப்பவர் சந்திப்பிழை என்று கருதி ஒற்றைச் சேர்த்துவிடக்கூடும் என்பதால், வேண்டுமென்றே விட்டதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஒற்றும் காற்புள்ளியும் ஒரே இடத்தில் வரக் கூடாது. ஒன்று ‘தொடர்’ என்கிறது, மற்றது ‘நில்’ என்கிறது.

பெரிய எழுத்துக்கு மாற்றாகத் தடித்த எழுத்தைப் பயன்படுத்த வேண்டாம். அது சொல்லை அழுத்திச் சொல்லுமே தவிர, வாக்கியத் தொடக்கத்தைக் காட்டாது. ஆங்கிலத்திலும் எழுதுபவராக இருந்தால், வரிதோறும் பெரிய எழுத்தில் தொடங்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டு, வாக்கியத் தொடக்கத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வரிக்கும் வந்தால் அது எந்தத் தகவலையும் தராது.

வரிக்குள் விடும் நீண்ட இடைவெளியை நம்புவதற்கு முன் அது வெளியாகும் இடத்தைப் பாருங்கள். இணையப் பக்கங்கள் அடுத்தடுத்த இடைவெளிகளைப் பொதுவாக ஒன்றாகச் சுருக்கிவிடும்; நீங்கள் ஐந்து தட்டினாலும் வாசகருக்கு ஒன்றே தெரியும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், ஆறேழு சொற்கள் கொண்ட வரி கைப்பேசித் திரையில் தானாக மடிந்து, நீங்கள் முறிக்காத இடத்தில் ஒரு முறிவு தோன்றும். நான்கு சொற்களுக்குள் வரியை அடக்க முடியாதபோது, மடிந்த பகுதி உள்தள்ளி வரும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம் சரிபார்க்க, கவிதையை முன்பு பார்த்திராத இருவரிடம் தனித்தனியே கொடுத்து, எந்த விளக்கமும் சொல்லாமல் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் நிற்கும் இடங்களை உங்கள் பிரதியில் கோடிட்டுக்கொண்டே வாருங்கள். ஒருவர் மட்டும் தடுமாறிய இடத்தை விட்டுவிடலாம். இருவரும் ஒரே வரிக்குத் திரும்பிவந்தால், அந்த வரியின் இறுதிச் சொல் வினைமுற்றா, எச்சமா என்று பாருங்கள். வரியை மாற்றி முறிப்பதா, புள்ளி இடுவதா, இடம் விடுவதா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.