ரிங் லைட் வாங்கினால் விளக்குப் படம் நன்றாக வருமா?

கேள்வி: சாயங்காலம் நிலவிளக்கு ஏற்றி, தெச்சிப்பூ, துளசி, அவல், பழம் வைத்து போனில் சின்னச் சின்ன வீடியோ எடுக்கிறேன். பார்த்தால் மனசு அமைதியாகணும். ஆனால் சுடர் வெள்ளையாக வெடித்து, பூ இருட்டாகிவிடுகிறது. பொள்ளாச்சி கடையில் ரிங் லைட்டும் போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: இரண்டும் வேண்டாம். ரிங் லைட் மனித முகத்துக்கானது. தேய்த்து வைத்த பித்தளை கண்ணாடி மாதிரி. விளக்கின் தண்டிலும் தட்டிலும் வெள்ளை வளையம் அப்படியே தெரியும். நேர் எதிரிலிருந்து வரும் வெளிச்சத்தில் பூவின் நிழல் அழிந்து, தெச்சிக் கொத்து சிவப்புத் திட்டாகிவிடும். மேக்ரோ லென்ஸுக்குச் சில சென்டிமீட்டர் தூரத்தில் போன் போக வேண்டும். எரியும் திரிக்குப் பக்கத்தில் அது ஆகிற காரியமா?

உங்கள் சிக்கல் வெளிச்சம் குறைவு என்பதல்ல. சுடருக்கும் பூவுக்கும் நடுவே வெளிச்ச வித்தியாசம் மிக அதிகம், போனால் இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க முடியவில்லை. அந்த வித்தியாசத்தைக் குறைக்க ஜன்னல் போதும். சூரியன் மறைவதற்குக் கொஞ்சம் முன்னிருந்து மறைந்த பிறகு 15, 20 நிமிடம் வரை ஜன்னல் வெளிச்சம் மெல்ல இறங்கிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் சுடரோடு ஒத்துப்போகும். நீங்கள் விளக்கு வைக்கும் நேரமும் அதுதானே. டியூப் லைட்டையும் பேனையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் உங்களுக்கு இடப்பக்கம், விளக்குக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். விளக்கு ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளி. வலப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையோ மடித்த வெள்ளை வேட்டியோ நிறுத்தினால் பூவின் இருண்ட பக்கம் கொஞ்சம் தெளியும். பித்தளையில் ஜன்னல் நீளமான மென்மையான கோடாக விழும். அதுதான் விளக்குக்கு உருண்டை வடிவம் தருகிறது. வெளிர் நிற உடை போட்டிருந்தால் நீங்களும் அதில் தெரிவீர்கள், கவனம்.

நிலவிளக்கில் இன்னொரு சங்கடம் உண்டு. சுடர் மேலே, படையல் கீழே. ஒன்றரையடி உயர விளக்கில் இரண்டையும் நெருக்கமாக ஒரே சட்டத்துக்குள் அடக்க முடியாது. படையல் தட்டை ஒரு மரப்பெட்டிமேல் ஏற்றி, சுடருக்கு நான்கு விரல் கீழே வருமாறு வையுங்கள். சுடரிலிருந்து தள்ளி, தீ எட்டாதபடி. அடர் பச்சையோ அரக்கோ ஒரு துணியை மூன்றடி பின்னால் தொங்கவிடுங்கள். போனை சுடரின் உயரத்துக்குச் சற்று மேலே வைத்து, இரண்டடி பின்னால் நின்று 2x-இல் எடுங்கள். பக்கத்தில் போய் எடுத்தால் விளக்கு விகாரமாகப் புடைக்கும், போனின் நிழலும் விழும். சுடரை நட்டநடுவில் வைக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கத்தை வெறுமையாக விடுங்கள். அவல், பழம், பூ மூன்றையும் தெளிவாகக் காட்ட நினைத்தால் கண் அலையும். பூ மட்டும் தெளிவாக, மற்றவை மங்கலாக இருந்தால் போதும்.

போன் திரையில் சுடரைத் தொட்டு போகஸ் செய்யாதீர்கள். ஆடும் நெருப்பில் போன் தடுமாறும். திரையில் விளக்குத் தட்டின் விளிம்பை அழுத்திப் பிடித்து போகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். சுடரின் ஓரத்தில் ஆரஞ்சு தெரியும் வரை இறக்க வேண்டும், பூ கறுத்துப்போகிற இடத்தில் நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இடமே இல்லையென்றால் வெளியே ரொம்ப இருட்டிவிட்டது என்று அர்த்தம். விளக்கை ஜன்னலுக்குப் பக்கம் நகர்த்துங்கள். போனில் ப்ரோ மோடு இருந்தால் படத்தின் நிறச்சாயலைத் தீர்மானிக்கும் வொயிட் பேலன்ஸை 4000 கெல்வின் சுமாருக்கு நிறுத்தலாம். எண்ணெய்ச் சுடரின் நிறவெப்பம் 1900 கெல்வின் அளவு, பகல் வெளிச்சம் 5500 அளவு. தானியங்கியில் விட்டால் வீடியோ நடுவே நிறம் மாறிக்கொண்டே இருக்கும். திரி நுனி தடித்திருந்தால் சுடர் துடித்துப் புகையும். கருகிய நுனியைத் தட்டிவிட்டு, திரியைக் கொஞ்சம் உள்ளே இழுங்கள்.

காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் முதலில் போன் பிடிப்பானோடு ஒரு குட்டி ட்ரைபாட். கை நடுங்கினால் அமைதியும் போச்சு. ராத்திரியிலும் எடுப்பதாக இருந்தால், மங்கலாக்கவும் நிறம் மாற்றவும் முடிகிற சின்ன எல்இடி பேனல் ஒன்று. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு சிஆர்ஐ; பெட்டியில் அது 95 அல்லது அதற்கு மேல் என்று இருக்க வேண்டும், குறைந்தால் சிவப்புப் பூ சோர்ந்து தெரியும். கடையிலேயே பேனலைக் குறைந்த வெளிச்சத்துக்கு இறக்கி, உங்கள் போனின் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினாலோ வெளிச்சம் துடித்தாலோ அந்தப் பேனல் வேண்டாம்.

பில் வாங்காமல் வராதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது நியாயமற்ற வணிகமுறை. ஆனால் பித்தளையில் வளையம் தெரிகிறது என்று ரிங் லைட்டைத் திருப்பித் தர முடியாது. அது பழுதல்ல, அதன் குணம். பழுதான பொருளுக்குக் கடைக்காரர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.