அவள் "ஒண்ணுமில்ல" என்ற பிறகு

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பரீட்சை நெருங்கினாலே தூக்கமில்லை, சாப்பாடு இறங்குவதில்லை. அவளிடம் பேச உட்கார்ந்தால் நான் என்னை அறியாமலேயே அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுகிறேன். அவள் எழுந்து போய்விடுகிறாள். எப்படிப் பேச்சை எடுப்பது டாக்டர்?

பதில்: முதல் வாக்கியத்தில் பெரும்பாலான பெற்றோர் தவறுவதில்லை. பிள்ளை ஏதோ ஒன்று சொன்னதும் நாம் சொல்லும் இரண்டாவது வாக்கியத்தில்தான் பேச்சு கெடுகிறது.

என்னிடம் வந்த ஒரு பையனைச் சொல்கிறேன். பரீட்சை நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி. பரிசோதனையில் கோளாறு எதுவும் இல்லை. ஆனாலும் அவன் நடிக்கவில்லை. பதற்றத்தில் குடலின் இயக்கம் மாறும், வலி நிஜமாகவே வரும். என் அறையில் அவன் மெதுவாக, "கணக்கு சுத்தமா புரியல" என்றான். அம்மா உடனே, "அதான் அப்பவே டியூஷன் போகச் சொன்னேன்" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பொத்தானைத் திருக ஆரம்பித்தான். அதன் பிறகு அவன் வாயே திறக்கவில்லை.

அந்த அம்மாவின் மனதில் இருந்தது அக்கறைதான். பையன் காதில் விழுந்ததோ தீர்ப்பு. அடுத்த முறை, "புரியலன்னா வகுப்புல உட்கார்றதே கஷ்டமா இருக்குமே" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தச் சொன்னேன். அப்படிச் சொன்னபோதுதான், சந்தேகம் கேட்டால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள் என்று அவன் சொன்னான். அவன் பயந்தது கணக்குக்கு இல்லை, அந்தச் சிரிப்புக்கு. டியூஷன் அதை எப்படிச் சரிசெய்திருக்கும்?

நீங்கள் எதிரெதிரே உட்காராதீர்கள். துணி மடிக்கும்போதோ, சேர்ந்து நடக்கும்போதோ பேச்சை எடுங்கள். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்றால் இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பேச வரும். "ஏன் இப்படி இருக்கே?" என்று கேட்டால் அவள் தன் பக்க நியாயத்தைத் தேட ஆரம்பித்துவிடுவாள். அதைவிடக் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள்: "நேத்து ராத்திரி 2 மணிக்கும் உன் ரூம்ல லைட் எரிஞ்சுதே."

"ஒண்ணுமில்ல" என்றுதான் முதலில் பதில் வரும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அதன் பிறகும் பேசவில்லையென்றால், "சரிம்மா, தோணும்போது சொல்லு" என்று விட்டுவிடுங்கள். உண்மையாகவே விட்டுவிட வேண்டும். பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டால் அது விசாரணை. பேச ஆரம்பித்துவிட்டாலோ, யோசனை சொல்வதற்கு முன், "நான் சும்மா கேக்கணுமா, ஏதாவது யோசனை சொல்லவா?" என்று கேளுங்கள். "சும்மா கேளு" என்றால் அன்று ஒரு யோசனைகூட வேண்டாம்.

தூக்கமின்மையும் சாப்பிடாததும் பரீட்சை முடிந்த பிறகும் இரண்டு வாரம் நீடித்தால், அல்லது பள்ளிக்கே போக மறுத்தால், மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். "நான் இல்லாமலே இருந்திருக்கலாம்" என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.