திதி எது, தேதி எது?

கேள்வி: வாட்ஸ்அப் மெசேஜிலேயே ஆர்டர் எடுத்து உருவப்படம் வரைகிறேன். ஒருவர் மறைந்த தன் அப்பாவின் படம் கேட்டார், ரூ.8,000 பேசினோம். துக்க வீடு என்பதால் அட்வான்ஸ் கேட்கவில்லை. அவர், அவர் அண்ணன், அத்தை என்று ஆளாளுக்குத் திருத்தம் சொல்ல, ஏழு முறை மாற்றினேன். தலைத்திதிக்கு வேண்டும் என்றார்கள். படத்தின் கீழே எழுதச் சொன்ன மறைந்த நாள் டிசம்பர் 10, அதற்குள் முடித்தேன். திதி நவம்பர் 29-ஆம் தேதியே முடிந்துவிட்டதாம். இப்போது படமே வேண்டாம் என்கிறார். இப்படிப்பட்டவர்களிடம் எப்படிப் பணம் வாங்குவது?
— க., மதுரை

பதில்: அட்வான்ஸ், திருத்தம் எல்லாம் பிறகு. அந்த டிசம்பர் 10-க்கு முதலில் வருகிறேன். திதி என்றால் தமிழ் மாதமும் பிறையும் பார்த்து வருவது. ஆங்கிலத் தேதிக்கு முன்னாலும் வரும், பின்னாலும் வரும். உங்கள் வீட்டில் தாத்தாவுக்குத் திதி கொடுப்பதில்லையா? காலண்டரைப் புரட்டவேண்டாம், "திதி என்றைக்கு?" என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும். ஒரு பிள்ளை தன் அப்பாவுக்குச் செய்யும் முதல் வருஷக் காரியம் அது. அன்றைக்குச் சுவரில் படம் இல்லை. வந்த சொந்தக்காரர்கள் முன்னால் அவர் என்ன சொல்லியிருப்பார்? அவரை "இப்படிப்பட்டவர்" என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

சட்டமும் அவர் பக்கம்தான் நிற்கும். குறிப்பிட்ட நாளுக்கென்றே கேட்ட வேலை அந்த நாளைத் தாண்டினால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை கேட்டவருக்கு உண்டு என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 55-வது பிரிவு. மெசேஜில் பேசியதும் ஒப்பந்தம்தான்.

துக்க வீட்டில் காசு கேட்கக் கூச்சமாம். பந்தல்காரரும் சமையல்காரரும் அதே வீட்டில் அட்வான்ஸ் வாங்கித்தான் தேதி குறிக்கிறார்கள், யாரும் அவர்களைத் தப்பாக நினைப்பதில்லை. காசு கைமாறும்போதுதான் "என்றைக்கு வேண்டும்?" என்ற பேச்சே வரும். நீங்கள் காசை விட்டீர்கள், அதோடு தேதியும் போயிற்று.

இதே வேலையை நவம்பர் 29-லிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். பதினாறுக்கு இருபது அங்குல கேன்வாஸில் அக்ரிலிக் என்றே வைத்துக்கொள்வோம். படம் 25-ஆம் தேதி அவர்கள் கையில் இருக்கவேண்டும், நாலு நாள் கையிருப்பு. ஃபிரேம் கடைக்கு 20-ஆம் தேதி போகவேண்டும். வண்ணத்துக்குப் பத்து நாள் என்றால் பென்சில் கோட்டுக்கு 10-ஆம் தேதிக்குள் சம்மதம் வரவேண்டும். அப்படியானால் பாதிப் பணம் நாலாயிரமும் நல்ல போட்டோவும் 1-ஆம் தேதியே வந்தாகவேண்டும். போட்டோவை வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சும்மா அனுப்பினால் சுருங்கி, கண்ணும் மீசையும் மங்கிப்போகும். பிறகு சாயல் வரவில்லை என்று உங்களைத்தான் சொல்வார்கள்.

ஏழு திருத்தம் எப்படி வந்தது தெரியுமா? உங்களுக்கு வாடிக்கையாளர் ஒருவர் இல்லை, மூன்று பேர். அண்ணனுக்கு ஞாபகம் இருப்பது நாற்பது வயசு அப்பா, அத்தைக்குச் சின்னவயசுத் தம்பி. மூன்று பேர் மனசிலிருக்கும் முகமும் ஒரே கேன்வாஸில் வராது. அதனால் "வீட்டில் எல்லாரிடமும் காட்டிவிட்டு நீங்கள் ஒருவர் மட்டும் ஒரே மெசேஜாகச் சொல்லுங்கள்" என்று ஆரம்பத்திலேயே எழுதுங்கள். கோட்டு நிலையில் இரண்டு முறை திருத்தலாம், மூக்கு, மீசை, தலை சாய்வு எல்லாம் அங்கேயே முடியவேண்டும். வண்ணம் ஏறியபின் விபூதி, சட்டை நிறம் போன்ற சின்ன மாற்றம் ஒரு முறை. போட்டோவையே மாற்றினால் அது புது வேலை, புது விலை. அவர்கள் பதிலுக்கு இரண்டு நாளுக்குமேல் எடுத்தால் உங்கள் தேதியும் அத்தனை நாள் தள்ளும். கோட்டுக்குச் சம்மதம் சொன்னபின் வேண்டாம் என்றால் அட்வான்ஸ் திரும்பாது. தேதி தவறியது உங்களால் என்றால் முழுசாகத் திருப்பவேண்டும். இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். மீதிப் பணத்தை, முடிந்த படத்தைப் போட்டோவில் காட்டி, பேக் செய்யும் முன் வாங்குங்கள்.

இப்போது அந்த வீட்டுக்கு. மெசேஜ் வேண்டாம், நேரில் போங்கள். படம் கேட்டவரிடம் "திதி நாளைக் கேட்காதது என் தப்பு" என்று சொல்லுங்கள். தை அமாவாசை வருகிறது, அன்றைக்காவது படத்துக்கு மாலை போடட்டும். கேன்வாஸ், ஃபிரேம் செலவை மட்டும் கேளுங்கள். அதற்குமேல் அவர்களாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.