விரல் நகத்தோரம் வெள்ளைக் கொப்புளம், நடுவில் கறுப்புப் புள்ளி

கேள்வி: வயது 41. கென்யாவில் மொம்பாசாவுக்கு வடக்கே கட்டட வேலையில் இருக்கிறேன். பத்து நாளுக்கு முன் பக்கத்துக் கிராமத்தில் செருப்பில்லாமல் மணலில் நடந்தேன். முதலில் அரிப்பு. இப்போது இடது சுண்டுவிரல் நகத்தோரம் வெள்ளையாக வீங்கி, நடுவில் கறுப்புப் புள்ளி தெரிகிறது. ஷூ போட்டால் உயிர் போகிறது. கூட வேலை செய்பவர் ஊக்கால் குத்தி எடுத்துவிடலாம் என்கிறார். எனக்குச் சர்க்கரை உண்டு. அடுத்த வாரம் ஊருக்கு வருகிறேன், பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

மருத்துவர் பதில்: ஊக்கு வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது மணல் தெள்ளு. கென்யக் கடற்கரை ஊர்களில் சகஜம். அங்குள்ள சுகாதார நிலையத்தில் 'ஃபுன்சா' அல்லது 'ஜிகர்' என்றாலே புரிந்துகொள்வார்கள்.

பெண் தெள்ளு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். தலையை முன்னே விட்டுத் தோலுக்குள் புகுந்து, பின்பக்க நுனியை மட்டும் வெளியே நீட்டிக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் கறுப்புப் புள்ளி அந்த நுனிதான். மூச்சு, கழிவு, முட்டை எல்லாம் அந்தத் துளை வழியாகவே. சுற்றியுள்ள வெள்ளை, முட்டைகளால் உப்பிய அதன் வயிறு. பத்தாம் நாள் என்றால் பூச்சி உயிரோடு இருக்கிறது, முட்டையும் போட்டுக்கொண்டிருக்கும். தொடாமல் விட்டாலும் நாலைந்து வாரத்துக்குள் அதுவே செத்து, கறுத்த பொருக்காகி உதிர்ந்துவிடும். ஆனால் அதுவரை அந்தத் துளை கிருமிகளுக்குத் திறந்த வாசல். சர்க்கரை உள்ள காலில் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

மருவும் கால் ஆணியும் இப்படி நாள் கணக்கில் வளராது. மருவில் பொடிப்பொடியாகப் பல கறுப்புப் புள்ளிகள் இருக்கும், இதில் நடுவில் ஒன்றே ஒன்று. பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளியிலிருந்து பழுப்பு இழையாகக் கழிவோ, அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலான வெள்ளை முட்டையோ வெளிவருவது தெரியும். அதைப் பார்த்துவிட்டால் பரிசோதனை எதுவும் தேவையில்லை.

ஊக்கால் குத்தினால் வயிறு கிழியும். ஜவ்வரிசி போல வழுக்கும் அந்த உருண்டை உடைந்து, தலைப்பக்கம் உள்ளேயே தங்கிவிட்டால் அந்த இடம் சீழ் பிடிக்கும். பிதுக்கினாலும் இதே கதிதான். பலருக்குப் பயன்பட்ட ஊசி என்றால் மஞ்சள் காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. பயமும் சேரும். மண்ணெண்ணெய் ஊற்றுவது தோலைத்தான் புண்ணாக்கும்.

முறையாக எடுப்பது ஐந்து நிமிட வேலை. போவிடோன் அயோடினால் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் மரப்பு ஊசி போட்டு, கிருமி நீக்கிய ஊசி முனையால் கறுப்புப் புள்ளியைச் சுற்றித் தோலின் விளிம்பை மட்டும் மெல்ல அகட்டுவார்கள். வாய் அகன்றதும் சிறு இடுக்கியால் பூச்சியை முழுதாக வெளியே எடுப்பார்கள். முழுதாக வந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு குழியைக் கழுவி, ஆன்டிபயாடிக் களிம்பு வைத்து மூடினால் போதும். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தால் அன்றே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

எடுக்க ஆள் கிடைக்காவிட்டால், பேனுக்குப் போடும், தண்ணீர் போல ஓடும் டைமெத்திகோன் எண்ணெய் உதவும். கறுப்புப் புள்ளியின் மேல் சில துளி விட்டு, பத்து நிமிடத்துக்குள் மூன்று முறை அப்படியே செய்ய வேண்டும். எண்ணெய் துளைக்குள் ஊர்ந்து மூச்சை அடைத்துவிடும். ஒரு வாரத்தில் பெரும்பாலானவை செத்துவிடும், எல்லாமே அல்ல. முட்டை இன்னும் வந்தால் எடுத்தே ஆக வேண்டும். செத்த பூச்சியைத் தோண்ட வேண்டாம், தோலோடு உதிரும். அடுப்பு, சிகரெட் பக்கம் வைத்துத் தடவாதீர்கள், சில தயாரிப்புகள் தீப்பிடிக்கும். ஐவர்மெக்டின் மாத்திரை கேட்டு வாங்க வேண்டாம். சோதித்துப் பார்த்ததில் இதற்குப் பலன் தரவில்லை.

விரல் சிவந்து சூடேறினாலோ, சீழ் வந்தாலோ, சிவப்பு பாதத்தில் ஏறினாலோ, காய்ச்சல் அடித்தாலோ பயணத்துக்குக் காத்திராமல் அன்றே போங்கள். சர்க்கரையால் உணர்வு மங்கிய காலில் வலி குறைந்தது நல்ல அறிகுறி என்று நம்பவும் முடியாது. இரண்டு பாதத்தையும், விரலிடுக்கு, குதிகால், நகத்தோரம் விடாமல் கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்க வாய்ப்புண்டு.

பிள்ளைகளுக்கு உங்கள் காலிலிருந்து நேரடியாக ஒட்டாது. விழும் முட்டை மண்ணில் பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, தெள்ளாக மூன்று நாலு வாரம் வேண்டும். ஆனாலும் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். எடுத்த பூச்சியை மண்ணில் எறியாமல் ஸ்பிரிட்டில் போடச் சொல்லுங்கள். கென்யா திரும்பியதும் மூடிய ஷூ போடுங்கள். நாய், ஆடு, பன்றி படுக்கும் மணலில் உட்காரவும் வேண்டாம், ஏனென்றால் இந்தத் தெள்ளு அவற்றின் காலிலும் வளர்கிறது.