50 ஹெர்ட்ஸில் தடுமாறும் எட்டு இலக்கக் கவுன்ட்டர்

கேள்வி: ஜெனரேட்டர் சர்வீஸ் செய்கிறேன். கவர்னர் செட்டிங் பார்ப்பதற்காக எட்டு இலக்க ஃப்ரீக்வென்சி கவுன்ட்டர் ஒன்று வாங்கினேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. ஜெனரேட்டரில் இணைத்தால் 50, 51, 50, 50, 51 என்று மாறிக்கொண்டே இருக்கிறது. புள்ளிக்குப் பிறகு ஒன்றும் வருவதில்லை. என்னிடம் இருக்கும் சாதாரண மல்டிமீட்டரே 50.4 என்று நிதானமாகக் காட்டுகிறது. கவுன்ட்டர் பழுதா? கடையில் மாற்றித் தரச் சொல்லலாமா, வேறுதான் வாங்க வேண்டுமா?

பதில்: பழுதில்லை. மாற்றிக் கேட்டால் இதேபோல் காட்டும் இன்னொன்றைத்தான் தருவார்கள். கடைக்குப் போகும் முன் முகப்பில் `PERIOD` என்று ஒரு பட்டன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் செலவே இல்லாமல் வேலை முடிந்துவிடும். அதற்கு வருகிறேன்.

உங்கள் கவுன்ட்டர் உள்ளே செய்வது எளிய வேலை. அதில் ஒரு கிரிஸ்டல் இருக்கும், பெரும்பாலும் 10 மெகாஹெர்ட்ஸ். அதன் துடிப்பை ஒரு கோடியால் வகுத்து மிகச் சரியாக ஒரு வினாடி நீளமுள்ள கேட்டை உருவாக்கி, அது திறந்திருக்கும்போது உள்ளே வரும் அலைகளை எண்ணுகிறது. கேட் மூடியதும் எண்ணிக்கையை அப்படியே காட்டிவிடுகிறது. 100 மெகாஹெர்ட்ஸ் சிக்னலுக்கு இது அற்புதமான முறை. ஒரு வினாடியில் பத்து கோடி அலைகள் எண்ணப்படும், ஒன்று கூடினால் குறைந்தால் யாருக்கு என்ன?

50 ஹெர்ட்ஸில் கதை வேறு. உங்கள் ஜெனரேட்டர் 50.4 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வினாடிக் கேட்டுக்குள் 50.4 அலைகள் வர வேண்டும். ஆனால் எண்ணுவது முழு எண்களை மட்டும். கேட் எந்த நேரத்தில் திறந்தது என்பதைப் பொறுத்து 50 விழும், அல்லது 51 விழும். பத்து தடவையில் சுமார் நான்கு தடவை 51, மீதி 50. நீங்கள் பார்த்தது இதைத்தான். கேட் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இது தீராது. கேட்டின் நீளம் சரியாகத்தான் இருக்கிறது; அது திறப்பதற்கும் மூடுவதற்கும் உங்கள் அலைக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் கோளாறு. அந்த ஒரு எண்ணிக்கைப் பிசகு 50-ல் 2 சதவீதம். ஐ.எஸ்.ஓ. 8528 தரத்தில் ஜி3 வகுப்பு ஜெனரேட்டர் நிலையான லோடில் 0.5 சதவீதத்துக்குள், அதாவது 0.25 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் நிற்க வேண்டும். அந்த அசைவு உங்கள் கவுன்ட்டர் கண்ணில் படவே படாது.

கேட்டை நீட்டினால் என்ன என்று தோன்றும். 10 வினாடிக் கேட் வைத்தால் 0.1 ஹெர்ட்ஸ் வரை தெரியும், 100 வினாடி வைத்தால் 0.01 வரை. ஆனால் கவர்னர் ஸ்க்ரூவைக் கால் திருகு திருகிவிட்டு ஒன்றே முக்கால் நிமிடம் காத்திருக்க யாரால் முடியும்? அதைவிட மோசம், இன்ஜின் வேகம் ஏறி இறங்கி ஹன்டிங் ஆகிக்கொண்டிருந்தால், நீண்ட கேட் எல்லாவற்றையும் சராசரியாக்கி அழகாக 50.00 என்று காட்டிவிடும்.

ரெசிப்ரோக்கல் கவுன்ட்டர் என்பது இதைத் தலைகீழாகச் செய்வது. கேட்டை கிரிஸ்டல் திறப்பதில்லை, உங்கள் அலையே திறக்கிறது. ஒரு அலை பூஜ்யத்தைத் தாண்டி ஏறும் கணத்தில் கேட் திறக்கும். ஒரு வினாடி ஆனதும் சட்டென்று மூடாமல், அடுத்த அலை அதே இடத்துக்கு வரும் வரை காத்திருந்து மூடும். ஆகவே உள்ளே இருப்பவை எப்போதும் முழு அலைகள்தான், அரைகுறை இல்லை. அந்த நேரத்துக்குள் 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் துடிப்புகள் எத்தனை என்று எண்ணிவிட்டு, வகுத்துச் சொல்லும்.

```
f = N × fc / M
N  = முழு அலைகள்
M  = கிரிஸ்டல் துடிப்புகள்
fc = 10 000 000
```

ஜெனரேட்டர் 50.37 ஹெர்ட்ஸில் ஓடினால் என்ன நடக்கிறது என்று போட்டுப் பார்ப்போம். ஒரு வினாடி தாண்டியதும் வரும் முதல் முழு அலை 51-ஆவது. அதற்குள் ஆகும் நேரம் 1.0125 வினாடி சொச்சம், கிரிஸ்டல் துடிப்புகள் 1,01,25,074. 51-ஐ ஒரு கோடியால் பெருக்கி இந்த எண்ணால் வகுத்தால் 50.37000. இங்கேயும் ஒரு எண்ணிக்கைப் பிசகு உண்டு. ஆனால் இப்போது பிசகுவது ஒரு கோடியில் ஒன்று. 51 அலையில் ஒன்று பிசகியதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! திரையில் ஐந்தாவது தசம இடம்தான் கொஞ்சம் ஆடும்.

இந்த முறையில் கேட்டைக் குறைத்தாலும் பெரிய இழப்பில்லை. 0.1 வினாடி வைத்தால் ஐந்தாறு அலைதான் உள்ளே வரும், அப்போதும் பத்து லட்சம் துடிப்புகள் இருக்கும். 49.6-க்கும் 50.4-க்கும் இடையே இன்ஜின் ஊசலாடுவது கண் முன்னே தெரியும். உங்கள் மல்டிமீட்டரும் பெரும்பாலும் உள்ளே இருக்கும் சிப்பை வைத்து அலையின் நேரத்தை அளந்து தலைகீழாக்கித்தான் 50.4 என்று சொல்கிறது.

இப்போது அந்த `PERIOD` பட்டன். பழைய கவுன்ட்டர்கள் பலவற்றில் இன்டர்சில் ஐசிஎம் 7226 என்ற சிப் இருக்கும். அதில் 0.01, 0.1, 1, 10 வினாடி என்று கேட் தேர்வு உண்டு. பீரியட் முறைக்கு மாற்றினால் அதே நான்கு நிலைகளும் 1, 10, 100, 1000 அலைகளின் சராசரியாக மாறிவிடும். ஒரே ஒரு அலையை அளந்தாலே 19853.1 மைக்ரோவினாடி என்று வரும். கால்குலேட்டரில் பத்து லட்சத்தை அதால் வகுத்தால் 50.370. ஒரே அலையில், ஐம்பதில் ஒரு பங்கு வினாடியில், 0.00025 ஹெர்ட்ஸ் வரை பிரித்துப் பார்த்தாயிற்று. ரெசிப்ரோக்கல் கவுன்ட்டர் என்று தனி விலை வைத்து விற்பது இந்த அளவையும் இந்த வகுத்தலையும் ஒரே பெட்டிக்குள் தானாகச் செய்வதற்குத்தான். உங்கள் பெட்டியில் வேறு சிப் இருக்கலாம். பீரியட் முறை இருந்தால் கணக்கு இதேதான்.

பட்டன் இல்லை, வாங்கத்தான் வேண்டும் என்றால், 2.4 கிகாஹெர்ட்ஸைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த எண் இரண்டாவது சேனலுக்கானது. அங்கே வரும் சிக்னலை முதலில் வகுத்துவிட்டுத்தான் எண்ணுவார்கள். உங்கள் 50 ஹெர்ட்ஸுக்கு அது எந்த வகையிலும் உதவாது. ஸ்பெசிஃபிகேஷன் தாளில் தேட வேண்டிய வரி, ஒரு வினாடிக்கு எத்தனை இலக்கம் என்பது. ‘ஒரு வினாடியில் 7 இலக்கம்’ என்ற மாதிரி இருந்தால் அது ரெசிப்ரோக்கல். ‘ஒரு வினாடிக் கேட்டில் 1 ஹெர்ட்ஸ் ரெசல்யூஷன்’ என்று இருந்தால் உங்கள் கையில் இருப்பதன் அண்ணன். ‘0.01 ஹெர்ட்ஸ் ரெசல்யூஷன்’ என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, அது 100 வினாடிக் கேட்டுக்கு என்பதைச் சிறிய எழுத்தில் போடுவதும் உண்டு. கடையில் சோதிக்க முடிந்தால் ஒரு வினாடிக் கேட்டில் 50 ஹெர்ட்ஸ் கொடுத்துப் பாருங்கள். 50.00, 51.00 என்று தாவினால் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் பூஜ்யங்கள் வெறும் அலங்காரம்.

அப்புறம், இணைக்கும் விதம். 230 வோல்ட்டை நேரே கவுன்ட்டரில் கொடுத்துவிடாதீர்கள். பிஎன்சி சாக்கெட்டின் வெளி உலோகம் பெரும்பாலும் எர்த்தோடு சேர்ந்திருக்கும், பெட்டியோடு சேர்த்து ஆளுக்கும் ஆபத்து. ஒரு சின்ன 230/6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போதும். 6 வோல்ட் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 50 ஹெர்ட்ஸ் அலை பூஜ்யத்தை மெதுவாகத்தான் கடக்கும். 6 வோல்ட்டில் அந்த ஏற்றம் மைக்ரோவினாடிக்கு சுமார் 2.7 மில்லிவோல்ட். சிக்னலோடு 10 மில்லிவோல்ட் இரைச்சல் கலந்திருந்தால் கேட் திறக்கும் கணம் 4 மைக்ரோவினாடி முன்பின் போகும். ஒரு வினாடி அளவில் அது நான்காவது தசமத்தை ஆட்டிவிடும். அதாவது கிரிஸ்டலின் துடிப்பைவிட இந்த இரைச்சல்தான் பெரிய பிழை. சிக்னலை இன்னும் சிறிதாக்கினால் பிழை அந்த விகிதத்தில் ஏறும்.

ஜெனரேட்டரில் யூபிஎஸ், பேட்டரி சார்ஜர் மாதிரி லோடு இருந்தால் இன்னொரு தொல்லை வரும். அலையில் வெட்டுகள் விழுந்து, ஒரே அலை பூஜ்யத்தை மூன்று முறை கடந்ததுபோல் கவுன்ட்டருக்குத் தெரியும். திரையில் 73, 100, 150 என்று அர்த்தமில்லாத எண்கள் வந்தால் இன்ஜினைச் சந்தேகிக்க வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மருக்கும் கவுன்ட்டருக்கும் நடுவில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்து, கவுன்ட்டர் பக்கம் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைக் குறுக்கே போடுங்கள். சுமார் 160 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளவை அமுங்கிவிடும். அலை கொஞ்சம் தாமதமாகும். எல்லா அலையும் ஒரே அளவு தாமதமாவதால் ஃப்ரீக்வென்சி மாறாது.

கேள்வி: அடுப்புக்குள் கிரிஸ்டல் வைத்த ஓசிஎக்ஸ்ஓ மாடலுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். ஈ.பி. லைன் ஃப்ரீக்வென்சியைப் பதிவு செய்யத்தான் எனக்குத் தேவை. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சாதாரண கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலும் 50 ஹெர்ட்ஸில் அது 0.001 ஹெர்ட்ஸ்தான். நம் கிரிட் 49.90-லிருந்து 50.05-க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதைப் பார்க்க இது தாராளம். அந்தப் பணத்தை ரெசிப்ரோக்கல் வசதிக்குக் கொடுங்கள். அடுப்புக் கிரிஸ்டல், 144 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவைச் சரிசெய்பவருக்குத் தேவை, அங்கே அதே 20 பங்கு 2,880 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். வேடிக்கை என்னவென்றால், அவருக்கு 10 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை வைத்த எளிய ரெசிப்ரோக்கல் கவுன்ட்டரைவிடப் பழைய நேரடி முறையே மேல். ஒரு வினாடியில் 14.4 கோடி அலைகளை எண்ணலாம், கிரிஸ்டல் தருவதோ ஒரு கோடி துடிப்புதான். சிக்னல் கிரிஸ்டலின் வேகத்தைத் தாண்டும் இடத்தில்தான் இரண்டு முறைகளும் இடம் மாறிக்கொள்கின்றன.