∫₀^∞ dx/(√x(1+x)) ஒருங்குமா? எதோடு ஒப்பிடுவது?

கேள்வி: இதில் 1/√x-ஓடு ஒப்பிட்டால் விரிகிறது, 1/x^(3/2)-ஓடு ஒப்பிட்டாலும் விரிகிறது. அப்படியானால் இந்தத் தொகையீடு விரியும்தானே?

இல்லை, ஒருங்கும். இதில் சிக்கல் ஒன்றல்ல, இரண்டு: x = 0-இல் செங்குத்துத் தொலைத்தொடுகோடு, இன்னொரு பக்கம் முடிவிலி. ஒரே சார்பை வைத்து இரண்டையும் சமாளிக்கப் பார்த்ததால்தான் குழப்பம். முதலில் x = 1-இல் வெட்டுங்கள், 1 என்பது வசதிக்காகத்தான், எந்த நேர்ம எண்ணும் சரி.

0 முதல் 1 வரை 1+x ≥ 1, அதனால் நம் சார்பு 1/√x-ஐத் தாண்டாது. ∫₀¹ dx/√x = 2, எனவே இந்தப் பகுதி ஒருங்குகிறது. 1-க்கு அப்பால் 1+x > x என்பதால் நம் சார்பு 1/x^(3/2)-ஐவிடச் சிறியது, ∫₁^∞ dx/x^(3/2) = 2, இதுவும் ஒருங்குகிறது. ஆக மொத்த மதிப்பு 4-க்குள் அடங்கிவிடும் (x = t² என்று போட்டுப் பார்த்தால் சரியாக π வரும்).

நீங்கள் கண்ட விரிதல் பொய்யல்ல, 1/√x முடிவிலிப் பக்கமும் 1/x^(3/2) பூச்சியத்தின் பக்கமும் விரியத்தான் செய்கின்றன. ஆனால் பெரிய சார்பு விரிவதை வைத்துச் சிறியதைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது; விரியும் என்று காட்ட, விரிகிற ஒன்று *கீழே* இருக்க வேண்டும். அப்புறம், 1/xᵖ முடிவிலியில் ஒருங்க p > 1 வேண்டும், 0-க்கு அருகில் p < 1 வேண்டும், p = 1 இரண்டு பக்கமும் விரியும்.