கேள்விக்குறி காப்பாற்றாது

கேள்வி: 2024 தேர்தலில் தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு சதவீதம் ஏன் மாறிக்கொண்டே வந்தது என்று யூடியூபில் ஒரு விளக்க வீடியோ போடுகிறோம். 'மாயமான வாக்குகள்! திருடிய அதிகாரிகள் யார்?' என்று தலைப்பு வைத்தோம். வீடியோவுக்குள் எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம். தலைப்பு கொஞ்சம் சூடாக இருந்தால் தப்பா?

பதில்: தப்புதான். வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவைத் திறக்காமல் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அவர்களைப் பொறுத்தவரை நீங்கள் சொன்னது 'திருடினார்கள்' என்பது மட்டும்தான். கேள்விக்குறி போட்டதாலோ, பெயர் சொல்லாததாலோ தப்பிவிட முடியாது. இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு, மறைமுகமாகவோ கிண்டலாகவோ சொன்ன குற்றச்சாட்டும் அவதூறு ஆகலாம் என்கிறது. ஒரு குழுவைப் பற்றிச் சொன்னாலும் அப்படித்தான்.

சரி, நடந்தது என்ன? 2024 ஏப்ரல் 19 அன்று இரவு 7 மணிக்கு வந்த கணக்கு 72.09%. அது அவசரத்தில் சேகரித்த உத்தேசம். பிறகு 69.46% என்றார்கள், கடைசியில் 69.72%. மூன்றுமே தலைமைத் தேர்தல் அதிகாரி தரப்பில் வந்த எண்கள். ஒவ்வொன்றையும் அது வெளியான நேரத்தோடு சேர்த்துச் சொன்னால் புதிரே இல்லை. நேரத்தை எடுத்துவிட்டால் எவரும் சதி என்றுதான் நினைப்பார்கள்.

ஆகவே தலைப்பை இப்படி வையுங்கள்: 'தமிழ்நாடு 2024 மக்களவைத் தேர்தல்: வாக்குப்பதிவு 72.09%-லிருந்து 69.72% ஆனது ஏன்?' இதுவும் கேள்விதான், ஆனால் நடந்த ஒன்றைப் பற்றியது. யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்துதான் தரும். தமிழில் புள்ளியும் துணைக்காலும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதால் அடைமொழிக்கு அதிக இடமும் இருக்காது.

விளக்கக் குறிப்பின் முதல் சில வரிகள்தான் மடிக்காமல் தெரியும். அங்கே இதை எழுதுங்கள்: 'வாக்குப்பதிவு நாள்: 19.4.2024. அன்று இரவு 7 மணி உத்தேசக் கணக்கு 72.09%, இறுதிக் கணக்கு 69.72%. ஆதாரம்: தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் அறிவிப்புகள்.' அதன் கீழே, வீடியோவில் உள்ள தகவல் எந்தத் தேதி வரையிலானது என்று ஒரு வரி. 'இன்று', 'தற்போது' போன்ற சொற்கள் வேண்டவே வேண்டாம். அடுத்த தேர்தல் சமயத்தில் யாராவது இதை மறுபடி சுற்றுக்கு விட்டால் அவை பொய்யாகிவிடும்.

டேக் விஷயத்தில் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாது என்று நினைத்து ஒரு கட்சியின் பெயரையும் 'மோசடி' என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவார்கள். பக்கத்தின் மூல நிரலைத் திறந்தால் அது தெரியும். தேடலிலும் டேக்கால் பெரிய லாபம் கிடையாது. தேர்தல், ஆண்டு, மாநிலம், 'வாக்குப்பதிவு சதவீதம்' போதும். தம்ப்நெயிலில் தனி அதிகாரி யாருடைய படமும் வேண்டாம். இரண்டு எண்களைத் தேதியோடு போடுங்கள்.

இவ்வளவையும் வெளியிடும் முன்பே முடித்துவிடுங்கள். பிறகு தலைப்பை மாற்றினாலும், ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்த முன்னோட்டத்தில் பழைய தலைப்பு அப்படியே நிற்கும். ஸ்கிரீன்ஷாட்டை யாராலும் திரும்பப் பெற முடியாது.